t பாதியானால் தூரமும் பாதியாகிவிடுமா?

"பென் டூலில் வரைந்த ஒரு பெசியர் வளைவின் மேல் சம இடைவெளியில் 11 புள்ளிகள் வைக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். t-ஐ 0, 0.1, 0.2 என்று 1 வரை ஏற்றி ஃபார்முலாவில் போட்டேன். புள்ளிகள் வளைவின் மேல்தான் விழுகின்றன, ஆனால் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் நெருங்கியும் நிற்கின்றன. ஃபார்முலாவில் என்ன தப்பு?"

ஃபார்முலாவில் ஒரு தப்பும் இல்லை. எல்லாப் புள்ளிகளும் வளைவை விட்டு விலகாமல் விழுகின்றன என்றால் அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் t-ஐ நீங்கள் தூரமாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. t-ஐ நேரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் 0-வது நொடியில் வளைவின் தொடக்கப் புள்ளியான P0-லிருந்து கிளம்பி 1-வது நொடியில் கடைசிப் புள்ளியான P3-க்குப் போய்ச் சேர்கிறார். நடுவில் ஒரே வேகத்தில் நடந்தார் என்று எங்கேயும் சொல்லவில்லை. 0.1 நொடிக்கு ஒருமுறை அவர் நிற்கும் இடத்தில் ஆணி அடித்தால், வேகமாகப் போன இடத்தில் ஆணிகள் தள்ளித் தள்ளியும் மெதுவாகப் போன இடத்தில் நெருக்கமாகவும்தான் விழும். உங்கள் திரையில் தெரிவது அதுதான்.

இது வளைவதால் வரும் கோளாறு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேர்கோட்டில் போட்டுப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். 0-லிருந்து 300 வரை ஒரு நேர்கோடு, ஆனால் அதையும் P0, P3 என்ற இரண்டு ஆங்கர், P1, P2 என்ற இரண்டு ஹேண்டில் முனை என்று நான்கு புள்ளி வைத்து வரைகிறோம். இரண்டு ஹேண்டிலையும் இழுக்காமல் ஆங்கர் மேலேயே விட்டுவிட்டால் P0 = 0, P1 = 0, P2 = 300, P3 = 300. ஃபார்முலா சுருங்கி 300(3t² − 2t³) ஆகிவிடும். t = 0.1-ல் 8.4, 0.2-ல் 31.2, 0.3-ல் 64.8, 0.4-ல் 105.6, 0.5-ல் 150. முதல் இடைவெளி 8.4, ஐந்தாவது இடைவெளி 44.4, ஐந்து மடங்குக்கும் மேலான வித்தியாசம். கோடோ ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருக்கிறது. இப்போது P1-ஐ 100-லும் P2-வை 200-லும் வையுங்கள். x = 300t என்று ஆகி, எல்லா இடைவெளியும் 30-ஆகவே வரும். திரையில் இரண்டும் ஒரே கோடு, பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மாறியது அந்த ஆள் நடந்த வேகம் மட்டும்தான்.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாகப் புரியும். நீங்கள் போட்ட ஃபார்முலா இதுதான்:

```
B(t) = (1-t)³·P0 + 3(1-t)²t·P1 + 3(1-t)t²·P2 + t³·P3
```

இதை விரித்து t-யின் படி வாரியாக அடுக்கினால் சாதாரண முப்படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்று கிடைக்கும்:

```
B(t) = a·t³ + b·t² + c·t + P0
c = 3(P1 - P0)
b = 3(P0 - 2·P1 + P2)
a = P3 - 3·P2 + 3·P1 - P0
```

t = 0-ல் வேகம் என்பது c மட்டும்தான், அதாவது முதல் ஹேண்டிலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. அதே மாதிரி t = 1-ல் வேகம் கடைசி ஹேண்டிலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. ஆக, ஹேண்டிலை இழுக்கும்போது வளைவு எந்தப் பக்கம் கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்வதில்லை, எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறீர்கள். ஒரு ஹேண்டில் நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருந்தால் புள்ளிகள் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் நெருங்குவதில் ஆச்சரியமே இல்லை. உங்கள் வளைவின் படம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடலாம், புள்ளிகள் நெருங்கிய பக்கத்து ஹேண்டில்தான் குட்டையாக இருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். P0 = (0, 0), P1 = (0, 240), P2 = (240, 240), P3 = (300, 240). முதல் ஹேண்டில் 240 நீளம், கடைசி ஹேண்டில் 60 நீளம். மேலே சொன்னபடி விரித்தால் x = 720t² − 420t³, y = 720t − 720t² + 240t³. கிளம்பும் வேகம் 720, சேரும்போது வெறும் 180. t-ஐ 0.1 வீதம் ஏற்றி அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள நேர்த்தூரத்தை அளந்தால் முதல் இடைவெளி 65.4, இரண்டாவது 55.3, நடுவில் 45-ஐ ஒட்டி, கடைசி இடைவெளி 23.0. பத்தையும் கூட்டினால் 437.5. t = 0.5-ல் புள்ளி (127.5, 210)-ல் இருக்கிறது, ஆனால் அதற்குள் அந்த ஆள் கிட்டத்தட்ட 60 சதவீதத் தூரத்தைக் கடந்துவிட்டார். நீளத்தில் உண்மையான பாதி t = 0.405-ல் வருகிறது, அந்த இடம் சுமார் (90.2, 189.4). இரண்டுக்கும் நடுவே 42 யூனிட்டுக்கு மேல் இடைவெளி, கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடக்கூடிய பிழை இல்லை.

இதே காரணத்தால்தான் வளைவை t = 0.5-ல் வெட்டினால் சமமான இரண்டு துண்டுகள் கிடைப்பதில்லை. சிட்ரோயனில் 1959 வாக்கில் டி காஸ்தெல்ஜோ கண்டுபிடித்த அந்த நடுப்புள்ளி முறை (ரெனோவில் வேலை பார்த்த பெசியரின் பெயர்தான் வளைவுக்கு நிலைத்தது, அது தனிக் கதை) வெட்டுவதற்கு ரொம்ப அழகானது, ஒவ்வொரு படியிலும் இரண்டு புள்ளிக்கு நடுவைக் கண்டுபிடித்தால் போதும். ஆனால் அது நேரத்தைத்தான் பாதியாக்கும். நம் உதாரணத்தில் ஒரு துண்டு சுமார் 262, இன்னொன்று சுமார் 176.

சரி, அப்படியானால் தூரத்தைக் கொடுத்தால் t-ஐத் திருப்பித் தருகிற ஒரு ஃபார்முலா இருந்தால் வேலை முடிந்ததே என்று தோன்றும். இங்கே எது உறுதி, எது கைப்பழக்கம் என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வேகம் என்பது x-இன் வகைக்கெழு வர்க்கமும் y-இன் வகைக்கெழு வர்க்கமும் கூட்டி எடுத்த வர்க்கமூலம். முப்படி வளைவில் ஒவ்வொரு வகைக்கெழுவும் இருபடி, அதை வர்க்கப்படுத்தினால் நாற்படி. நாற்படியின் வர்க்கமூலத்தைத் தொகையிட வேண்டும் என்றால் பொதுவாக அது நீள்வட்டத் தொகையீடு என்ற வகைக்குள் போய்விடும், நாம் பள்ளியில் படித்த சார்புகளை வைத்து அதை எழுத முடியாது. யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்ற கதை இல்லை இது, பொதுவான முப்படி வளைவுக்கு அப்படி எழுதவே முடியாது என்பது முடிந்துபோன விஷயம். மூன்று புள்ளி இருபடி வளைவுக்கு நீளத்துக்கு ஒரு ஃபார்முலா உண்டு, நீளமாக இருந்தாலும் உண்டு. நான்காவது புள்ளி வந்ததும் அந்தக் கதவு சாத்திவிட்டது. அதனால் எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் உள்ளே தோராயக் கணக்குத்தான் ஓடும். பிரவுசரில் `getPointAtLength()` என்று கூப்பிட்டாலும் அதேதான். எவ்வளவு நுணுக்கமான தோராயம் என்பதில்தான் வித்தியாசம்.

நான் எப்போதும் செய்வது ஒரு பட்டியல் போடுவது. வளைவை t-யில் 200 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நேர்கோடாக நினைத்து நீளம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்த t-க்கு இவ்வளவு தூரம் என்று ஒரு வரிசை கிடைக்கும். தேவையான தூரம் அந்த வரிசையில் எந்த இரண்டு எண்களுக்கு நடுவே விழுகிறது என்று பார்த்து, அங்கே விகிதப்படி t-ஐ எடுத்து, கடைசியில் அந்த t-ஐத் திரும்ப வளைவின் ஃபார்முலாவிலேயே போட வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு நேர்கோட்டுத் துண்டின் மேலேயே புள்ளியை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் முரடாக இருந்தால் புள்ளி வளைவை விட்டே இறங்கிவிடும்.

```python
from math import dist
from bisect import bisect_left

def point(p, t):
    u = 1 - t
    return tuple(u**3*a + 3*u*u*t*b + 3*u*t*t*c + t**3*d
                 for a, b, c, d in zip(*p))

def spaced(p, count, n=200):
    q = [point(p, i/n) for i in range(n + 1)]
    s = [0.0]
    for i in range(n):
        s.append(s[-1] + dist(q[i], q[i+1]))
    out = []
    for k in range(count):
        want = s[-1] * k / (count - 1)
        i = min(max(bisect_left(s, want), 1), n)
        f = (want - s[i-1]) / (s[i] - s[i-1])
        out.append(point(p, (i - 1 + f) / n))
    return out
```

`p`-க்கு நான்கு புள்ளிகளின் பட்டியலைக் கொடுங்கள், `count`-க்கு 11. நான்கு புள்ளியும் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் மட்டும் பூஜ்யத்தால் வகுத்து விழுந்துவிடும், அதை முன்கூட்டியே பார்த்துத் தள்ளிவிடுங்கள்.

இந்த 200 எந்தத் தேற்றத்திலிருந்தும் வந்த எண் இல்லை, பழக்கத்தில் வந்தது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. நாண் எப்போதும் வில்லைவிடக் குட்டை என்பதால் கூட்டுத்தொகை எப்போதும் உண்மை நீளத்துக்குக் கீழேதான் நிற்கும், துண்டுகளை இரட்டிப்பாக்க இரட்டிப்பாக்க ஏறி நெருங்கும். நம் உதாரணத்தில் 5 துண்டுக்கு 435.5, 10 துண்டுக்கு 437.5, உண்மை நீளம் 438.2. துண்டுகளை இரட்டிப்பாக்கினால் பிழை ஏறக்குறைய நாலில் ஒன்றாகக் குறைகிறது. அதனால் ஒருமுறை `n`-உடனும் ஒருமுறை `2n`-உடனும் ஓட்டி, இரண்டு நீளமும் உங்களுக்கு முக்கியமில்லாத அளவுக்குத்தான் வித்தியாசப்படுகின்றன என்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் மொத்த நீளம் சரியாக வந்துவிட்டது என்பதற்காக இடைவெளிகளும் சரி என்று நம்பிவிடாதீர்கள், நான் ஏமாந்த இடம் அது. 10 துண்டுப் பட்டியலில் மொத்த நீளத்தில் பிழை 0.2 சதவீதம்கூட இல்லை. ஆனால் அதே பட்டியலை வைத்து முதல் புள்ளியைத் தேடினால் t = 0.0669 என்று சொல்லும், அங்கே உண்மைத் தூரம் 45.2. வர வேண்டியது 43.8. இங்கே பிழை 3 சதவீதம். ஒரு துண்டுக்குள்ளேயே வேகம் 720-லிருந்து 598-க்கு இறங்கிவிடுகிறது, நாமோ அதற்குள் வேகம் மாறவே இல்லை என்று எடுத்துக்கொண்டோம். 200 துண்டு போட்டால் இந்தப் பிழை ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கணக்கு பிடித்தவர்கள் இந்த இடத்தில் நியூட்டன் முறையை ஒருமுறை ஓட்டி t-ஐத் திருத்துவார்கள், அதாவது மிச்சத் தூரத்தை அந்த இடத்து வேகத்தால் வகுத்து t-யோடு கூட்டுவது. நன்றாகவே வேலை செய்யும், ஹேண்டில் இழுக்காத முனை வரும் வரைக்கும். அங்கே வேகம் பூஜ்யம், வகுத்தால் t எங்கோ பறந்துவிடும். டிசைனர்கள் அனுப்பும் ஃபைல்களில் ஹேண்டில் இழுக்காத முனை நிறையவே இருக்கும் என்பதால் நான் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதைச் சோதிக்கும்போது வட்டத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். கால் வட்டத்துக்கு ஹேண்டில் நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு என்று வைப்பது வழக்கம், அந்த நீளத்தில் வேகம் முனையில் 1.657, நடுவில் 1.536, வித்தியாசம் 8 சதவீதம்தான். t-ஐ அப்படியே சமமாக ஏற்றினாலும் புள்ளிகள் பார்வைக்குச் சமமாகவே இருக்கும், ஸ்கிரிப்ட் சரியாகிவிட்டது என்று மூடி வைத்துவிடுவீர்கள். ஒரு ஹேண்டில் மற்றதைப்போல நாலு மடங்கு இருக்கும் வளைவை எடுத்துச் சோதியுங்கள், மேலே போட்ட உதாரணத்தையே எடுத்துக்கொண்டாலும் சரி.

அப்புறம் நீட்டுதல். தையல் ஓட்டைகளை லேசரில் வெட்டுவதற்காக ஒருமுறை இதே வேலையைச் செய்தேன். சமத் தூரத்துக்கான t மதிப்புகளை ஒருமுறை கணக்கிட்டு ஃபைலில் சேமித்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுவானேன் என்று. பிறகு வடிவத்தை அகலத்தில் மட்டும் இரண்டு மடங்கு நீட்டச் சொன்னார்கள். கன்ட்ரோல் பாயின்ட்களை நீட்டினேன், பழைய t-களையே போட்டேன், ஓட்டைகள் வளைவின் மேலேயே விழுந்தன, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெட்டி எடுத்த பிறகுதான் தெரிந்தது, நெட்டாக ஓடும் இடத்தில் இடைவெளி பழையபடியே இருக்கிறது, படுக்கையாக ஓடும் இடத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. நம் உதாரணத்தை அப்படி நீட்டினால் முதல் இடைவெளி 44-லேயே நிற்கும், கடைசி இடைவெளி 87-ஐத் தாண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்கினாலோ சுழற்றினாலோ நகர்த்தினாலோ t-களைத் திரும்பக் கணக்கிட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் நீட்டினாலோ சாய்த்தாலோ பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீட்டி முடித்த வளைவில் புதிதாகப் போட வேண்டும்.

பென் டூலில் வரைந்தது என்கிறீர்கள், அநேகமாக ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் சேர்ந்த பாதையாகத்தான் இருக்கும். ஒவ்வோர் ஆங்கரிலும் t திரும்ப 0-க்கு வந்துவிடும். துண்டுக்குத் துண்டு தனித்தனியாக `spaced()` கூப்பிட்டால் ஆங்கர் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி கட்டாயமாக விழும், துண்டுக்கு ஓர் இடைவெளி என்று மாறும். அதனால் எல்லாத் துண்டுகளின் தூரத்தையும் ஒரே நீளமான பட்டியலாகத் தொடர்ந்து கூட்டிக்கொண்டு, தேவையான தூரம் எந்தத் துண்டில் விழுகிறது என்பதை முதலில் பார்த்து, அதற்குப் பிறகு அந்தத் துண்டின் t-க்குள் போங்கள். மூடிய பாதை என்றால் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அங்கே `count - 1`-க்குப் பதில் `count`-ஆல் வகுக்க வேண்டும்.

இந்த முறை தருவது வளைவின் வழியே அளந்த சமத் தூரம். சட்டென்று மடங்கும் இடத்தில் வளைவு வழியே 43.8 இருந்தாலும் இரண்டு புள்ளிக்கும் நடுவே நேராக அளந்தால் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கண்ணுக்கும் நெருங்கின மாதிரி தெரியும். நீங்கள் வைப்பது வெறும் குறிகள் என்றால் அதை விட்டுவிடலாம். ஒன்றையொன்று இடிக்கக் கூடாத வட்டங்கள் என்றால் நேர்த்தூரத்தைச் சமமாக்குவதுதான் உங்கள் கேள்வி, அதற்கு ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அடுத்ததைத் தேடிக்கொண்டு போக வேண்டும், கடைசி இடைவெளி சரியாக முடிய அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து மறுபடி மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். முதலில் மேலே உள்ளதை ஓட்டி, வந்த 11 புள்ளிகளுக்கு நடுவே உள்ள பத்து நேர்த்தூரங்களையும் அச்சிட்டுப் பாருங்கள். நான் கொடுத்த உதாரணத்துக்குப் பத்தும் 43.82-க்கு மிக அருகில், அதைத் தாண்டாமல் வர வேண்டும். ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் அந்த எண்ணையும் உங்கள் நான்கு புள்ளிகளையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.